வரப்பைச் சுருட்டி வை, தம்பி!

நம் சங்கத்துக் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஊர்ப்பக்கம் போய் வருகின்றன. திரும்பி வந்த பிள்ளைகளிடம் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால், சிலர் தேரையும் திருவிழாவையும் சொல்லுவார்கள். சிலர் பாட்டி சுட்டுத் தந்த பணியாரத்தைச் சொல்லுவார்கள். வேறு சிலரோ முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "எல்லாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்; இனிமேல் நாங்கள் அங்கே வரவில்லை" என்பார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றியே இங்கே எழுதப் புகுந்தேன். காவிரிப் பாசனத்து வயல்வெளியிலும், நாகப்பட்டினத்தை அடுத்த கடற்கரைக் குப்பங்களிலும், தொழில் தெரியாமல் வந்து நிற்கும் பட்டணத்து விருந்தாளியைக் கேலி செய்வதற்கென்றே ஒரு பேச்சு வழங்கி வருகிறது. அதைக் கேட்டு மனம் வாடுகிறவர்கள், அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

எல்லாக் கேலியும் ஒரு தரம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். "அரிசி எந்த மரத்தில் காய்க்கிறது, தெரியுமா?" என்பதும், "நாளைக்கு அறுவடை, ஏணியை எடுத்துக்கொண்டு வா" என்பதும் மிகப் பழைய சரக்குகள். இவற்றைச் சொல்லுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போடுகிறவர்களாக இருப்பார்கள்; சேற்றில் இறங்குகிறவர்களாக இருக்கமாட்டார்கள். அந்தக் கேலிக்குள் ஒன்றும் இல்லை. கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். வேலை செய்கிறவர்களின் கேலி வேறு. அதில் வேலையே மறைந்திருக்கும்.

சின்னதாக ஒன்றைச் சொல்லுகிறேன். வயலுக்குப் போகும் வழியில் ஒரு பெரியவர், "உங்கள் மாமாவுக்கு இந்த வரிசையில் ஆறு மா இருக்கிறது" என்பார். பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்து, "மாமரம் ஒன்றையும் காணோமே?" என்று கேட்கும். உடனே, "பழுத்ததும் பறித்துத் தருகிறோம், சாக்கு எடுத்து வா" என்று பதில் வரும். மா என்பது அங்கே நில அளவு. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். இருபது மா சேர்ந்தது ஒரு வேலி. பத்திரங்களில் ஏக்கரும் சென்டும் ஹெக்டேரும் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. ஆயினும் வரப்பில் நின்று பேசுகிறவர்கள் இன்றும் மாக்கணக்கில்தான் கூலியும் பேசுகிறார்கள், விளைச்சலும் பேசுகிறார்கள். இந்த ஒரு சொல் தெரியாவிட்டால், பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கும்போதும் நம்மவர்கள் விழித்துக்கொண்டு நிற்க நேரும். கேலியில் போகிற காரியம் அன்று அது.

"மடைச் சாவியை வாங்கி வா" என்று பிள்ளைகளை அனுப்புவதும் உண்டு. பிள்ளை வீட்டுக்கு ஓடிப் பாட்டியிடம் சாவி கேட்கும், பாட்டி சிரிக்கும். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்தான் மடை. நான்கு மண்வெட்டி மண்ணைத் தூக்கிப் போட்டால் அது மூடிக்கொள்ளும். அதே மண்ணை வெட்டி எடுத்தால் திறந்துகொள்ளும். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. பூட்டு இல்லாத காரணத்தால்தான் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில், முறை வைத்துப் பாய்ச்சும் காலத்தில், இராத்திரி கைவிளக்கோடு ஒருவர் மடையருகே காவல் இருக்க வேண்டியதாகிறது. பக்கத்து வயற்காரர் இரண்டு மண்வெட்டி மண்ணை எடுத்தால் போதும், விடிவதற்குள் தண்ணீர் திசை மாறிவிடும். ஊரில் அண்ணன் தம்பிகளிடையே பேச்சு நின்று போனதற்குக் காரணம் தேடினால், பல இடங்களில் இந்தச் சாவி இல்லாத மடையில் போய் முடியும்.

நடவுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும் வயலின் வரப்பில் புதியவர் யாரேனும் வந்து நின்றால், நடுகிற பெண்களில் ஒருத்தி ஒரு முடி நாற்றை எடுத்து அவர் காலடியில் வைப்பாள், மற்றவர்கள் குலவையிடுவார்கள். காசு கொடுக்காமல் அவர் நகர முடியாது. காசு கொடுத்தபின், "வேலையையும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று நாற்றைக் கையில் திணித்து இறக்கிவிடுவார்கள். இறங்கிய கணத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஏனெனில், இறங்குகிறவர் என்ன செய்வார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

அவர் முன்னோக்கி நடப்பார். ஒரு குத்து நட்டுவிட்டு ஓர் அடி எடுத்து வைப்பார். நட்டது அவர் காலடியிலேயே போய்விடும். "நாங்கள் பின்னாலே போனால் வேலை முன்னாலே போகும், நீங்கள் முன்னாலே போனால் வேலை சேற்றுக்குள்ளே போகும்" என்று கிழவி ஒருத்தி சொல்லக் கேட்டிருக்கிறேன். நடுகிற பெண்கள் குனிந்தபடி பின்னோக்கியே நகருகிறார்கள். நட்ட இடத்தில் மறுபடி கால் படாமல் இருப்பதற்கு வேறு வழி கிடையாது.

இரண்டாவது, ஆழம். இரண்டு மூன்று நாற்றைச் சேர்த்துக் கட்டை விரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் இடையில் பிடித்து, வேர் மட்டும் சேற்றில் அமரும்படி ஏறக்குறைய ஓர் அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். பட்டணத்தார் இரண்டு விதமாகத் தவறுவார்கள். அஞ்சுகிறவர் மேலாக வைப்பார். சாயங்காலம் தண்ணீர் ஏறினால் அவர் நட்டதெல்லாம் மிதந்து வரப்போரம் ஒதுங்கும். ஆர்வமுள்ளவர் முழங்கையை வைத்து அமுக்குவதுபோல் அமுக்கிவிடுவார். அது மிதக்காது, ஆனால் தூர் கட்டாது. பக்கத்துக் குத்து பத்துப் பன்னிரண்டு கிளை விட்டு நிற்கும்போது, இது மூன்று நான்கோடு நின்றுவிடும். முதல் தவறு மறுநாள் தெரியும். இரண்டாவது தவறு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். அப்போது விருந்தாளி இங்கே வடக்கே வந்து சேர்ந்திருப்பார். ஆனால் அந்த இடத்துக்கு அவர் பெயரையே வைத்துவிடுவார்கள். "கல்கத்தா மாமா நட்ட மூலை" என்று ஒரு மூலை எங்கள் ஊரில் நெடுநாள் வழங்கியது.

இனி, களை பறிப்பு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், விருந்தாளியைக் கடைசி வரையில் சோதிக்கும் வேலை இதுதான். "நெல்லுக்கும் புல்லுக்கும் பேதம் தெரியாதவன்" என்று ஊரில் திட்டுவதுண்டு. அது சுலபமான பேதம் என்று நினைத்துக்கொண்டு நாம் கோபப்படுகிறோம். உண்மையில் அது சுலபம் அன்று.

2022 அக்டோபரில் என் தமக்கையின் குடும்பத்தார் மன்னார்குடிப் பக்கத்து எங்கள் கிராமத்துக்கு வந்திருந்தார்கள். வங்காளத்துப் பள்ளியில் படிக்கும் மூத்த பையனுக்குப் பூஜை விடுமுறை. வயது பதினான்கு, சூட்டிகையான பிள்ளை. சம்பா நட்டு இருபது நாள் ஆன வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். "நானும் பறிக்கிறேன்" என்று இறங்கினான். களை பறிப்பவர்களில் மூத்தவரான ஓர் அம்மையார், "வாங்க தம்பி, நெல்லை விட்டுட்டு மத்ததைப் புடுங்குங்க. அவ்வளவுதான் வேலை" என்றார். அவ்வளவுதான் வேலை என்று சொன்னதிலேயே கேலி இருந்தது. பையனுக்கு அது தெரியவில்லை.

அகன்ற இலைச் செடிகளை முதலில் பிடுங்கினான். அவற்றை யாரும் பிடுங்கலாம். பிறகு கோரையில் கொஞ்சம் தயங்கினான். "தண்டை விரலில் உருட்டிப் பாருங்க. உருண்டா விட்டுடுங்க, உருளலேன்னா புடுங்குங்க" என்றார் அம்மையார். கோரையின் தண்டு முப்பட்டையாக இருக்கும், விரல்களுக்கிடையே உருளாது. அதையும் பையன் விரைவில் பிடித்துக்கொண்டான். வரிசையில் பாதி தூரம் போனதும் நிமிர்ந்து, "முடித்துவிட்டேன், பாட்டி" என்றான். அம்மையார் அவன் கையிலிருந்த கட்டை வாங்கிப் பிரித்தார். அதில் ஏழு குத்து நெல் இருந்தது. பையன் விட்டுவிட்டு வந்த வரிசையில் களை அப்படியே செழித்து நின்றது.

"ரொம்பச் சரியாப் பறிச்சிருக்கீங்க தம்பி. இனிமே நாங்க புல்லையே அறுத்துப் பொங்கல் வெச்சுக்குறோம். பறிச்ச வரைக்கும் போதும், வரப்பைச் சுருட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். வயலே சிரித்தது. பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நெல்லைப் போலவே நின்ற அந்தக் களை, எங்கள் பக்கத்தில் குதிரைவாலிப் புல் என்று வழங்குவது. அது தானாக முளைத்து ஓரத்தில் நிற்பது மட்டும் அன்று. நாற்றங்காலிலேயே நெல்லோடு முளைத்து, நாற்றோடு நாற்றாகப் பறிக்கப்பட்டு, நடுகிறவர் கையாலேயே நடப்பட்டு, வரிசை தவறாமல் நிற்கும். ஆகையால் "வரிசையில் நிற்பதெல்லாம் நெல்" என்று எண்ணுகிறவர் நிச்சயமாக ஏமாறுவார். உயரமும் அதே உயரம், நிறமும் ஏறக்குறைய அதே பச்சை. பையன் அறிவில் குறைந்தவன் அல்லன். அவனுக்கு ஓர் அடையாளம் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த அடையாளத்தை அம்மையாரே பிறகு காட்டினார். சிரித்து முடிந்தபின் பையனைப் பக்கத்தில் அழைத்து, ஒரு நெற்குத்தையும் ஒரு புல்லையும் பிடித்து, இலை தண்டைவிட்டுப் பிரிகிற கணுவைக் காட்டி, "நெல்லுக்குக் காது உண்டு தம்பி, புல்லுக்குக் காது கிடையாது" என்றார். நெற்பயிரின் இலையை இலேசாகப் பின்னுக்கு வளைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் வெள்ளையாக, மெல்லிய தோல் போன்ற ஒரு நாக்கு தெரியும். அதன் இரு பக்கத்திலும் மயிர் முளைத்த சிறிய கொக்கி போன்ற இரண்டு காதுகள் தண்டை அணைத்துக்கொண்டிருக்கும். குதிரைவாலியில் நாக்கும் இல்லை, காதும் இல்லை. அந்த இடம் மழமழவென்று வெறுமையாக இருக்கும். அடித்தண்டு பல சமயம் செந்நிறம் படிந்திருக்கும் என்றும், இலையின் நடு நரம்பு வெளுத்துத் தடித்துத் தெரியும் என்றும் கூடுதல் அடையாளங்கள் சொல்லுவார்கள். ஆனால் நிறம் மண்ணுக்கும் வெயிலுக்கும் தக்கபடி மாறும். காதும் நாக்கும் மாறுவதில்லை. பயிர் நூல் படித்தவர்களும் இந்த இரண்டையே பார்க்கிறார்கள்.

இந்தப் புல்லைப் பிடுங்கத் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். அது நெல்லோடு போட்டியிட்டு உரத்தையும் வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்ளுகிறது. நெல் முற்றுவதற்கு முன்பே தான் முற்றி விதையை வயலிலேயே உதிர்த்துவிடுகிறது. ஆகவே அறுவடையின்போது பிடுங்கிப் பயனில்லை. அடுத்த ஆண்டுக்கான களையை அது ஏற்கெனவே விதைத்துவிட்டது.

பறிபோன ஏழு குத்துக்கு எவ்வளவு நட்டம்? கணக்கெழுதும் பழக்கத்தால் நான் அன்று இரவே போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் 33 குத்து, குத்துக்குச் சுமார் 15 கிராம் நெல் என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு ஏறக்குறைய 2 டன் ஆகிறது. அது நல்ல விளைச்சல்தான். அப்படியானால் ஏழு குத்து 105 கிராம் நெல். குத்தினால் 70 கிராம் அரிசி. ஒரு குழந்தைக்கு ஒரு வேளைச் சோறு. அம்மையார் கணக்குப் போடவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, பிடுங்கிய நெல்லில் வேர் அறாமல் இருந்தவற்றைப் பொறுக்கி அதே குழிகளில் திரும்ப ஊன்றிவிட்டார். வாய் கேலி பேசினாலும் கை வேலையை விடவில்லை. நான் அன்று கண்டவற்றில் மிகவும் பிடித்தது அதுவே.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த வயலில் சிரித்தவர்கள் கூலிக்கு வந்த பெண்கள்; சிரிக்கப்பட்டவன் நிலத்துக்காரர் வீட்டுப் பிள்ளை. ஒரு காலத்தில் அந்த வீட்டுச் சிறு பிள்ளைகூடத் தன் பாட்டி வயதுள்ள பெண்ணை, "ஏய், வா" என்று கூப்பிடும். அவர்கள் பதில் பேசக்கூடாது. நடவிலும் களையிலும் மட்டும், வேலை தெரியாதவனைக் கேலி பேச அவர்களுக்கு உரிமை இருந்தது. அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளுவதில்லை. அந்த உரிமை எதனால் வந்தது என்று எண்ணிப் பார்த்தால், கேலியில் உள்ள காரம் புரியும். பையன் "பாட்டி" என்று அழைத்ததால்தான் காதும் நாக்கும் அவனுக்குக் காட்டப்பட்டன என்பது என் எண்ணம். கோபித்துக்கொண்டு கரையேறியிருந்தால் "வரப்பைச் சுருட்டி வை" என்பதோடு பாடம் முடிந்திருக்கும்.

கடற்கரைக் கேலியின் சுவை வேறு. வேளாங்கண்ணிக்குப் போகிற நம் குடும்பங்கள் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் ஒரு பொழுது உலாவுவதுண்டு. அங்கே கட்டுமரத்தைப் பார்த்துவிட்டு, "இதில் ஓட்டை இருக்கிறதே, தண்ணீர் உள்ளே வராதா?" என்று கேட்பவர்கள் உண்டு. "வந்த வழியாகவே போய்விடும், ஐயா" என்பார்கள். கேலியாகத் தோன்றுகிற இந்தப் பதில் முழுக்க உண்மை. கட்டுமரத்துக்கு உள் என்பதே கிடையாது. மிதக்கும் மரத்துண்டுகள் சிலவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டியதுதான் அது. அலை மேலே ஏறினால் இடைவெளி வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டி ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவார்கள். ஊறிய மரம் கனத்துப் போகும். அவிழ்த்துக் கிடக்கும் மரங்களைப் பார்த்து, "படகு உடைந்து போயிற்றா?" என்று இரக்கப்பட்ட ஒரு பெரிய மனிதரைப் பற்றிக் கரையில் இன்றும் பேசிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடி இழையால் ஆனவை. மக்கள் பைபர் படகு என்பார்கள். அதற்கு உள் உண்டு. அதில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வந்த வழியே போகாது. ஆகையால் அதே கேள்வியைப் பைபர் படகுக்காரரிடம் கேட்டால் கேலி வராது, குனிந்து பார்ப்பார். கட்டுமரம் குறையக் குறைய அந்த வேடிக்கையும் கரையில் குறைந்து வருகிறது.

இன்னொன்று. தொழிலுக்குப் புறப்படுகிறவரிடம், "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டால், "மாமியார் வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார். போகிற வழியில் அப்படிக் கேட்பது சகுனக் கேடு என்பது ஒன்று. மற்றொன்று, மீன் படுகிற இடத்தை யாரும் யாருக்கும் சொல்லுவதில்லை. கடலுக்கு அடியில் பாறைத் திட்டு இருக்கும் இடத்தை, கரையில் இருக்கும் கோபுரமும் பனைமரமும் ஒன்றுக்கு நேராக ஒன்று வருவதைக் கொண்டு ஒரு கோடாகவும், கலங்கரை விளக்கமும் வேறோர் உயர்ந்த மரமும் நேர்ப்படுவதைக் கொண்டு இன்னொரு கோடாகவும் மனத்தில் குறித்துக்கொள்வார்கள். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடமே அவர்கள் இடம். ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்லுவார்கள். இரு கைகளையும் விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள நீளம் ஒரு பாகம். இப்போது செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவியும் பலர் கையில் இருக்கிறது. இரகசியம் மட்டும் மாறவில்லை. ஆகவே மாமியார் வீட்டுக் கேலி, வாயை மூடிக்கொள்ளுவதற்கு ஒரு மரியாதையான வழி. அதற்கு மேல் கேட்காமல் இருப்பவர்களிடம் அவர்கள் நன்றாகவே பேசுகிறார்கள்.

மீன் வாங்கப் போய், "புதிய மீன்தானா?" என்று கேட்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு, "இப்பத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு, நீங்க வந்ததும் வாயை மூடிக்கிச்சு" என்று பதில் கிடைக்கும். கேட்க வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், சிவந்திருக்க வேண்டும். கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும், குழிந்து மங்கியிருக்கலாகாது. விரலால் அமுக்கினால் சதை எழும்பி வரவேண்டும். இங்கே நம் ஊர்ச் சந்தையில் பனிக்கட்டியில் வைத்து வரும் மீனுக்கும் இதே பார்வைதான்.

நம்மவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் ஊருக்குப் போகிறோம். இது கேலிக்கு மிகவும் வசதியான மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வரிசையாகக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளைப் பார்த்து, "ஏன் யாரும் போகவில்லை?" என்றால், "கடலுக்கும் பள்ளிக்கூட விடுமுறைதான்" என்பார்கள். கட்டுமரமும் துடுப்புப் படகும் இந்தத் தடையில் இல்லை. விடியற்காலையில் போனால் அவை கரையேறுவதைக் காணலாம். வயலிலும் அப்போது ஆழ்குழாய்க் கிணறு உள்ள இடம் தவிர மற்றவை வெடித்துக் கிடக்கும். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதுவும் நீர் இருப்பைப் பொறுத்து முன்னும் பின்னும் ஆகும். "பயிரெல்லாம் எங்கே?" என்று கேட்கும் பிள்ளையிடம், "அதுவும் லீவுக்கு ஊருக்குப் போயிருக்கிறது" என்று சொல்லாமல் விடமாட்டார்கள்.

பூஜை விடுமுறையில் போகிறவர்கள் களையைப் பார்க்கலாம். பிந்தி நடும் வயல்களில் நடவையும் பார்க்கலாம். நடவு இயந்திரம் வந்துவிட்ட வயல்களில் காலடியில் நாற்று முடி வைக்க ஆள் இராது. பொங்கலுக்குப் போகிறவர்கள் சம்பா அறுவடையைக் காணலாம். அதையும் இப்போது பல வயல்களில் இயந்திரமே அறுத்து, அடித்து, தூற்றிக் கொட்டிவிடுகிறது. அதன் ஓட்டுநர் இருக்கை ஓர் ஆள் உயரத்துக்கு மேல். ஏறுவதற்குப் பக்கத்தில் இரும்புப் படி வைத்திருக்கிறார்கள். சென்ற முறை திண்ணைக்காரர் ஒருவர் பழைய வழக்கப்படி, "நாளைக்கு அறுவடை, ஏணி எடுத்து வா" என்று சொல்ல, என் தமக்கையின் பையன், "ஏணி அதிலேயே இருக்கிறதே, தாத்தா" என்றான்.